113 கையெழுத்துகள்

அதிகாலை மூன்றேகால் மணி. நோயாளியை ஐசியூவுக்கு அனுப்பியாயிற்று. வார்டில் நானும், நர்சிங் முடித்து வந்து நாலு மாதமே ஆன ஒரு பெண்ணும், தரை முழுக்கக் கிழித்துப் போட்ட சிரிஞ்சு உறைகளும்தான் மிச்சம். கட்டிலின் கால்மாட்டில் கிட்னி டிரே இருந்தது. அதில் உடைத்த ஆம்பூல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். காலி ஆம்பூலை உடனே குப்பையில் போடக் கூடாது, எல்லாம் முடிந்தபின் எண்ணி எழுத வேண்டும் என்பது எனக்குப் பயிற்சிப் பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். அவசரத்தில் டாக்டர் சொல்வதும் நாம் போடுவதும் மனதில் நிற்காது. காலிக் கண்ணாடிதான் கணக்குச் சொல்லும்.

அட்ரினலின் ஏழு. எண்ணிக்கை சரி. மூன்று, நாலு நிமிடத்துக்கு ஒன்றாக, இரண்டே முக்காலில் ஆரம்பித்து நாடி திரும்பும்வரை போட்டது. பேட்ச் எண்ணையும் எழுத வேண்டுமே என்று ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பினேன். எக்ஸ்பயரி 05/2010 என்று போட்டிருந்தது. அன்றைக்கு ஜூன் 10.

இன்னொன்றை எடுத்தேன். அதுவும் மே. ஏழில் ஆறு மே மாதத்தோடு காலாவதியானவை. ஏழாவதில் மட்டும் 02/2011. டிராலியில் மிச்சம் இருந்த மூன்றும் 02/2011. பக்கத்தில் நின்ற பெண், "என்னக்கா, கணக்கு இடிக்குதா?" என்று கேட்டாள். கணக்கு இடிக்கவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான்.

இது நடந்தது திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆண்கள் பொது மருத்துவ வார்டில். பெயர் வேண்டாம். அந்த மருத்துவமனையை விட நான்தான் இந்தக் கதையில் அதிகம் வருகிறேன்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக அந்த டிராலியைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிறம், ஐந்து இழுப்பறை, நாலு சக்கரம். சிலர் கிராஷ் கார்ட் என்பார்கள். எங்கள் வார்டில் அதற்கு எமர்ஜென்சி டிராலி என்று பெயர். தலைக்கு மேல் ஷாக் கொடுக்கும் டிஃபிப் மெஷின், பக்கவாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர், முதுகில் நெஞ்சை அழுத்தும்போது அடியில் செருக ஒரு பலகை. முதல் இழுப்பறையில் மருந்துகள், சின்னச் சின்னத் தடுப்புகளில். அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஆம்பூல் பத்து, அட்ரோபின், அமியோடரோன், கால்சியம், சோடாபைகார்ப், ஹைட்ரோகார்டிசோன், இன்னும் சில. கீழே போகப் போக ஊசிகள், குழாய்கள், சலைன். எல்லா இழுப்பறைகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு கம்பி, அந்தக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் லாக்.

அந்த லாக்கைப் பூட்டு என்று சொல்வதே தப்பு. ஒரு குழந்தை முறுக்கினாலும் உடையும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நெஞ்சு நின்றுபோனவனுக்குப் பக்கத்தில் நின்று சாவி தேட முடியாது. அதில் ஆறு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். ஒருமுறை உடைத்தால் திரும்பப் போட முடியாது. உள்ளே எல்லாம் நிரப்பிச் சரிபார்த்து, லாக் மாட்டி, எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டால், அதற்கப்புறம் ஒவ்வொரு ஷிப்டிலும் இழுப்பறையைத் திறந்து எண்பது பொருளை எண்ண வேண்டியதில்லை. லாக் உடையாமல் இருக்கிறதா, எண் அதுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். லாக் வருவதற்கு முன்னால் நாங்கள் தினமும் மூன்று வேளை எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ணினோம் என்று எழுதிக்கொண்டிருந்தோம் என்பதே சரி. இரவில் ஒரு வென்ஃப்ளான் தீர்ந்துபோனால் டிராலியிலிருந்து எடுப்பது, காலையில் வைத்துவிடலாம் என்று மறப்பது, இதெல்லாம் அப்போது சகஜம். லாக் வந்ததும் அந்தக் கை நீளல் நின்றது. அந்த வகையில் நல்ல கண்டுபிடிப்பு.

காலையில் மேட்ரன் மேடம் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். டிராலியைக் கடைசியாகத் திறந்து முழுதாகச் சரிபார்த்தது மே 3, திங்கட்கிழமை. மாதம் ஒருமுறை, முதல் தேதியில் திறக்க வேண்டும். முதல் தேதி மே தினம், மறுநாள் ஞாயிறு என்பதால் மூன்றாம் தேதிக்குத் தள்ளியிருந்தது. அன்று காலை திறந்து, பார்த்து, புது லாக் மாட்டியிருந்தார்கள். அன்று மதிய ஷிப்டிலிருந்து ஜூன் 9 இரவு ஷிப்ட் வரை, ஒரு வேளை கூட விடாமல் கையெழுத்து இருந்தது. மேடம் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். 113. அதில் 22 என்னுடையது.

எல்லோரும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். மேடமும் முதலில் அப்படித்தான் நினைத்தார். இல்லை. 113 கையெழுத்தும் உண்மையானவை. ஒவ்வொருவரும் டிராலிக்குப் போய், லாக்கைத் தொட்டு, எண்ணைப் படித்து எழுதியிருந்தார்கள். லாக் உடையவில்லை. எண் மாறவில்லை. எங்களைக் கேட்ட கேள்விக்கு நாங்கள் சரியாகவே பதில் எழுதியிருந்தோம். கை உள்ளே போகாமல் லாக் தடுத்தது. மே 31 நள்ளிரவை அதனால் தடுக்க முடியவில்லை.

மே 3 அன்று திறந்தவர்களும் தப்புச் செய்யவில்லை. ஆம்பூலில் மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை செல்லும். மே 3ல் அந்த ஆறு ஆம்பூலும் நல்ல மருந்து. அடுத்த திறப்பு ஜூன் 1. அன்றைக்கு மாற்றிவிடலாம் என்று விட்டிருக்கிறார்கள். இருபத்தெட்டு நாள் இருக்கிற மருந்தை யார் தூக்கிப் போடுவார்கள்?

ஜூன் 1ல் ஏன் திறக்கவில்லை என்பதில்தான் நான் வருகிறேன். மாதாந்திரச் சரிபார்ப்புக்கு என்று பதிவேட்டின் கடைசியில் ஒரு வரி உண்டு. அதன் எதிரில் "இன்சார்ஜ் / பார்மசிஸ்ட்" என்று அச்சடித்திருந்தது. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் மகள் கல்யாணத்துக்காக மே 28 முதல் விடுப்பு. அவர் வரும்வரை "நீ பாத்துக்கோ" என்று என்னிடம் விட்டுப் போனார். பார்த்துக்கொள்ளச் சொன்னாரே தவிர, நான் இன்சார்ஜ் இல்லை. அதனால் அந்த வரி என்னுடையதாக எனக்குத் தோன்றவில்லை. பார்மசியிலிருந்து வருவார்கள் என்று இருந்தேன். வழக்கமாக வரும் பார்மசிஸ்ட் மே கடைசியில் வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்த தம்பி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, இன்சார்ஜ் கூப்பிடுவார், போகலாம் என்று இருந்திருக்கிறான். இரண்டு சொல்லுக்கு நடுவில் இருந்த அந்தச் சாய்கோட்டில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டோம். ஐந்தாம் தேதியோடு என் பொறுப்பு முடிந்தது. ஏழாம் தேதி நைட் டூட்டிக்கு வந்தேன். ஒன்பதாம் தேதி இரவு எட்டு மணிக்கு லாக் எண்ணைப் பார்த்து 113ஆவது கையெழுத்தைப் போட்டதும் நான்தான்.

அந்த நோயாளி ஐசியூவில் இரண்டு நாள் இருந்து இறந்தார். பெரிய ஹார்ட் அட்டாக். மருந்து புதிதாக இருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். பத்து நாள் தாண்டியதால் அட்ரினலின் தண்ணீராகிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். காலாவதித் தேதி என்பது மருந்து சாகும் நாள் இல்லை, கம்பெனி உத்தரவாதம் கொடுக்கும் கடைசி நாள். ஆனாலும் அட்ரினலின் அந்த வரிசையில் கொஞ்சம் நோஞ்சான் மருந்து. வெளிச்சமும் சூடும் ஆகாது. கெட்டுப்போனால் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ நிறம் மாறும். அதைப் பழுப்புக் கண்ணாடியில் அடைத்திருப்பதால், சிரிஞ்சில் இழுத்தால்தான் நிறமே தெரியும். எங்கள் டிராலி நின்றதோ மேற்கு ஜன்னல் ஓரம். திருச்சி மே மாதம். அன்று சிரிஞ்சில் நிறம் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை, அதற்கு நன்றி. குடும்பத்தாரிடம் பேசுவதாகப் பெரிய டாக்டர் சொன்னார். அந்த அறையில் நான் இருக்கவில்லை.

இப்போது, இதில் எனக்கு விளங்க நாள் பிடித்த ஒரு விஷயம். பத்து ஆம்பூலில் நாலு நல்ல மருந்து. அப்படியிருக்க, முதல் ஆறு முறையும் காலாவதியானதே ஏன் என் கைக்கு வந்தது? துரதிர்ஷ்டம் என்று சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. நாங்கள் ஒழுங்காக அடுக்கியிருந்ததுதான் காரணம்.

முதலில் முடிவது முதலில் போக வேண்டும் என்பது மருந்து அடுக்குவதில் ஆத்திசூடி. மளிகைக் கடையில் பழைய பாக்கெட்டை முன்னால் தள்ளிப் புதியதைப் பின்னால் வைப்பார்களே, அதேதான். நாங்களும் மே ஆம்பூல்களை முன் வரிசையிலும் பிப்ரவரி ஆம்பூல்களைப் பின் வரிசையிலும் வைத்திருந்தோம். பாடப்புத்தகப்படி சரி. ஆனால் மளிகைக் கடையில் வியாபாரம் நடக்கிறது, முன்னால் இருப்பது போகிறது. டிராலியில் வியாபாரமே கிடையாது. எங்கள் வார்டில் அதைத் திறக்கும்படி ஆவது வருஷத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ. முன்னால் வைத்தது முன்னாலேயே இருந்து வயதாகிறது. திறக்கும் நாளில் எல்லாவற்றிலும் பழையதுதான் முதலில் கைக்கு வருகிறது. டிராலிக்கு உள்ளே முன்னும் பின்னும் மாற்றி அடுக்குவதை ரொட்டேஷன் என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். மருந்து இழுப்பறையை விட்டு வெளியே போகாத வரை அது வெறும் அடுக்கல்தான்.

போக வேண்டிய இடம் கேஷுவால்டி. எங்கள் வார்டில் ஆறு மாதம் கிடக்கிற அட்ரினலின் அங்கே ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். காலாவதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதே எங்களிடம் இருப்பதை அங்கே கொடுத்துவிட்டு, நீண்ட நாள் செல்லும் பேட்சை வாங்கி வருவது என்று முடிவானது. கேட்க எளிதாக இருக்கிறது. கேஷுவால்டி சிஸ்டரிடம் முதல் தடவை டப்பாவோடு போய் நின்றபோது, "எங்க டிபார்ட்மென்ட் என்ன காயலான் கடையா? எல்லா வார்டுப் பழசும் இங்கதான் வரணுமா?" என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எட்டு வார்டும் ஒரே வாரத்தில் கொண்டுபோய்க் கொட்டினால், காலாவதியாவது அவர் டிராலியில் நடக்கும். அதனால் வார்டுக்கு வார்டு மாற்றும் வாரத்தை பார்மசி பிரித்துக் கொடுத்தது. இரண்டு மாதத்துக்குக் குறைவாக இருப்பதை வாங்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு. ஒன்றுக்கு ஒன்று, இரண்டு பேட்ச் எண்ணும் இரண்டு பதிவேட்டிலும்.

கேஷுவால்டியிலும் ஓடாத மருந்து சில உண்டு. டிகாக்சின் ஊசியை வருஷக்கணக்கில் யாரும் தொடவில்லை. அதற்கு மாற்றல் உதவாது. வைத்திருக்கும் எண்ணிக்கையைக் குறைப்பது, நாள் இருக்கும்போதே பார்மசிக்குத் திருப்புவது, அவ்வளவுதான் வழி. ஒரு மருந்தை டிராலியில் சேர்க்கச் சொல்ல எல்லா டாக்டர்களும் வருவார்கள். எடுத்துவிடலாம் என்று சொல்ல ஒருவரும் வருவதில்லை.

அடுத்தது கையெழுத்து. சாய்கோடு போயிற்று. மாதத் திறப்புக்கு இரண்டு தனி வரிகள் வந்தன. பார்மசிஸ்ட் ஒவ்வொரு மருந்தையும் எடுத்துத் தேதியை வாய்விட்டுப் படிப்பார், வார்டு நர்ஸ் எழுதுவார். இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் புது லாக் இல்லை. இன்சார்ஜ் விடுப்பில் போனால் அந்த மாதத்துக்கு யார் என்று பெயரே எழுதிவிட்டுப் போக வேண்டும்.

லாக்கையும் வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதுவரை நூறு லாக் உள்ள பாக்கெட் எங்கள் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது; சீல் வைத்த உறைக்குப் பக்கத்திலேயே அரக்கையும் வைத்திருந்த மாதிரி. ராத்திரி ஒரு லேசிக்ஸ் எடுத்துவிட்டுப் புது லாக் மாட்டி, புது எண்ணை எழுதினால் யாருக்குத் தெரியும்? பார்மசியில் கையெழுத்துப் போட்டு, ஏன் உடைத்தோம் என்று எழுதித்தான் வாங்க வேண்டும் என்றானதும் எங்கள் வார்டில் லாக் செலவு குறைந்தது.

எல்லாவற்றிலும் பயன்பட்டது ஒரு அட்டை. உள்ளங்கை அளவு, லாக்குக்குப் பக்கத்தில் தொங்கும். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதில் மூன்றே விஷயம் எழுத வேண்டும்: லாக் எண், உள்ளே இருப்பதில் எது முதலில் காலாவதியாகிறது, எந்த மாதம். ஜூன் 10 காலையில் நிரப்பி மூடியபோது நான் எழுதிய முதல் அட்டையில் "ஹைட்ரோகார்டிசோன், அக்டோபர் 2010" என்று இருந்தது. ஷிப்டுக்கு வருபவர் இழுப்பறையைத் திறக்காமலே, உள்ளே எது வரை செல்லும் என்று பார்த்துவிடலாம். பதிவேட்டிலும் "சரிபார்க்கப்பட்டது" என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த மாதத்தைக் கையால் எழுதும் கட்டம் போட்டோம். டிக் அடிக்கிற கை எதையும் படிக்காது. "அக்டோபர்" என்று மூன்று வேளையும் எழுதுகிற கைக்கு அக்டோபர் வரும்போது உறுத்தும். மே மாதம் முழுக்க "அட்ரினலின், மே" என்று நாங்கள் எழுதியிருந்தால் ஜூன் 1 காலை ஷிப்டில் யாராவது ஒருத்திக்குப் பேனா நின்றிருக்கும்.

இதற்கிடையில் இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே வயதாவது மருந்து மட்டும் இல்லை. தொண்டைக்குள் பார்த்துக் குழாய் விடும் லாரிங்கோஸ்கோப் இரண்டாவது இழுப்பறையில், லாக்குக்கு உள்ளே இருந்தது. அதன் பேட்டரி சும்மா கிடந்தே இறங்கும். மாதத் திறப்பில் ஒருமுறை பிளேடை நிமிர்த்தினேன். விளக்கு மின்மினிப் பூச்சி அளவுக்கு எரிந்தது. அதிலிருந்து அதை டிராலி மேலே ஒரு டப்பாவில் வைத்து, தினமும் எரித்துப் பார்க்கும் பட்டியலில் சேர்த்தோம். டிஃபிப் ஏற்கெனவே வெளியில்தான். காலையில் மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரியிலேயே 30 ஜூலுக்குச் சார்ஜ் ஏற்றி, மெஷினுக்குள்ளேயே ஷாக் கொடுத்துப் பார்த்தால் ஒரு துண்டுக் காகிதம் வரும். தேதியும் நேரமும் அதிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பதிவேட்டில் ஒட்டுவோம்.

அந்தத் துண்டுக் காகிதத்தின் மேல் எனக்கு மரியாதை அதிகம். பின்னாளில் சூப்பர்வைசராகி, வார்டு வார்டாகப் பதிவேடு பார்க்கும் வேலைக்கு வந்தேன். ஒரு வார்டில் எல்லாக் கட்டமும் நிரம்பி, ஒரே நீலத்தில், ஒரே அழுத்தத்தில் அழகாக இருந்தது. புரட்டிக்கொண்டே வந்தபோது, ஜூன் 31க்கும் மூன்று ஷிப்டிலும் கையெழுத்து இருந்தது. அச்சடித்த தாளில் எல்லா மாதத்துக்கும் 31 கட்டம். மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து நிரப்பிய பிள்ளை நாட்காட்டியைப் பார்க்கவில்லை. டிஃபிப் காகிதமோ அந்த மாதத்துக்கு மொத்தமே ஒன்பதுதான் ஒட்டியிருந்தது. அவளைக் கூப்பிட்டு என்ன கேட்பது? என் 22 கையெழுத்தும் நேர்மையானவை, அவளுடையவை பொய். அவள் டிராலியைத் திறந்து பார்த்தேன், எல்லா மருந்துக்கும் தேதி இருந்தது. என்னுடையதில்தான் இல்லை. அந்தத் தாளை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை டெஸ்ட் செய்யும்போது அவளோடு நின்றேன்.

நான் ஓய்வு பெற்ற மாதம் பழைய வார்டுக்கு ஒருமுறை போனேன். டிராலியை ஜன்னல் ஓரத்திலிருந்து உள் சுவருக்கு நகர்த்தியிருந்தார்கள். அட்டையில் வேறு யாருடையதோ கையெழுத்து. முதலில் முடிவது அமியோடரோன், நவம்பர் என்று எழுதியிருந்தது. அப்போது ஆகஸ்ட். பார்மசியிலிருந்து ஒரு பையன் மாற்று ஆம்பூல்களோடு வந்து, "சிஸ்டர், யாரு கூட நிக்கறீங்க? தேதி படிக்கணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.